இன்னும் மேல: பேத்திக்காக எழுதிய ஒரு தூக்கக் கதை

உங்கள் டீச்சர்தான். இது கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் ராத்திரி பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் நியூஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது நாலு வயசு. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மாவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு எண்பத்தைந்து வயசு. கொள்ளுப்பேத்தி வருகிறாள் என்று முதல் நாளே பால்கோவா வாங்கி வைத்துவிட்டு, காலையிலிருந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை வந்தது. அம்மா என்னென்னவோ கேட்டார். "என்னத்தா சாப்பிட்ட? எங்கூடப் படுத்துக்கிறியா? கதை சொல்லவா?" பேத்தி தன் அம்மாவின் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். அவளுக்குக் கேட்டது புரிந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. மூன்று நாளும் அப்படியே போனது.

கிளம்பும்போது அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைக்கு என்னையப் பிடிக்கல போலத்தா."

முப்பத்து மூன்று வருஷம் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவள் நான். அந்த வார்த்தை எனக்கு முள்ளாகத் தைத்தது. ராஜபாளையம் திரும்புகிற வழியில் பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

மகளைக் குறை சொல்லவே முடியாது. ஒரு அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் வாங்கி வைத்திருந்தாள். எல்லாம் இருமொழிக் கதைப் புத்தகம். மேலே தமிழ் வரி, கீழே அதே வரி ஆங்கிலத்தில். தினமும் ராத்திரி படித்துக் காட்டுவாள். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிய பிறகு ஆறரை. காபி டம்ளரோடு வீடியோ காலில் நானும் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சி மாணவி பாடம் எடுப்பதைக் கவனிப்போமே, அந்த மாதிரி.

நாலு நாளில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மகள் தமிழ் வரியைப் படிக்கும்போது பேத்தி படத்தைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையும் பார்க்கவில்லை. போர்வை நுனியைத் திருகிக்கொண்டு காத்திருக்கிறாள். ஆங்கில வரி வந்தவுடன் கண் புத்தகத்துக்குத் திரும்புகிறது. எப்படியும் அடுத்த நொடி ஆங்கிலம் வரப்போகிறது என்றால் பிள்ளை தமிழைக் கேட்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்? அவளைப் பொறுத்தவரை தமிழ் வரி என்பது கதை தொடங்குவதற்கு முன்னால் வரும் இரைச்சல். இரண்டு மொழியும் ஒரே வேலையைச் செய்தால், சுலபமான மொழி வேலையை எடுத்துக்கொள்ளும். மற்றது சும்மா நிற்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. புத்தகத்தில் "யானை வந்துகொண்டிருக்கிறது" என்று இருக்கும். அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "அப்பா வந்துட்டு இருக்காங்க" என்றுதான் பேத்தி கேட்டு வளர்ந்திருக்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைக்கு இது பிரச்சினை இல்லை. தெருவில் நூறு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு ஐந்து வயசில் என்னிடம் வரும். புத்தகத் தமிழை அதன் மேல் ஏற்றிவிடலாம். வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழே அரைகுறை. அதன் மேல் எழுத்துத் தமிழையும் வைத்தால் அதற்கு ஆங்கிலத்தோடு சேர்த்து மூன்று மொழி ஆகிவிடுகிறது.

அப்போதுதான் என் பழைய வகுப்பறை ஞாபகம் வந்தது. ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெலுங்கு எழுத்து தெரியாது. வீட்டில் தெலுங்குப் புத்தகமும் கிடையாது. ஆனாலும் அந்த மொழி எத்தனையோ தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. எப்படி? ஒரு மாணவியின் பாட்டியிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது பேத்தி ஓடி வந்து தமிழில் ஏதோ கேட்டாள். பாட்டி தெலுங்கில் பதில் சொன்னார். மறுபடி தமிழில் கேட்டாள், மறுபடி தெலுங்கில் பதில். பாட்டி எதையும் மொழிபெயர்க்கவில்லை, திட்டவும் இல்லை. அந்த வீட்டில் பாட்டியோடு பேசும் மொழி தெலுங்கு, அவ்வளவுதான். மொழி ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிலிருந்துதான் எனக்கு வழி தெரிந்தது. கதையிலும் மொழியை ஆளோடு ஒட்ட வேண்டும். கதை சொல்கிறவர் ஆங்கிலத்தில் சொல்லட்டும்; கதைக்குள் இருக்கிறவர்கள் தமிழில் மட்டும் பேசட்டும். சொன்னதையே திருப்பிச் சொல்லக் கூடாது. தமிழ் புரியாவிட்டால் கதை நகரக் கூடாது.

யாரைப் பேச வைப்பது என்று யோசித்தபோது நம் மலை அணில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டு அணில் மாதிரி முதுகில் மூன்று கோடு கிடையாது. பூனை அளவு இருக்கும், சாம்பல் நிறம், உடம்பைவிட நீளமான வால். அதைக் காப்பாற்றத்தான் 1988இல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். தரையில் இறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவியே போய்விடும். பகலில் திரிந்துவிட்டு, இருட்டினால் மரத்தின் உச்சியில் இலையும் குச்சியும் வைத்துக் கட்டிய கூட்டில் படுத்துக்கொள்ளும். தூக்கக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

கதையைக் கீழே தருகிறேன். ஆங்கில வரியையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இன்னும் மேல

இட் இஸ் கெட்டிங் டார்க். எ லிட்டில் ஸ்குயிரல் அண்ட் ஹர் மதர் ஆர் கோயிங் ஹோம்.

ஹாப்! தே கம் டு எ மாமரம்.
குட்டி: "அம்மா, இங்க தூங்கலாமா?"
அம்மா: "வேண்டாம். இங்க குரங்கு இருக்கு. இன்னும் மேல!"

ஹாப், ஹாப்! தே கம் டு எ புளியமரம்.
குட்டி: "அம்மா, இங்க தூங்கலாமா?"
அம்மா: "வேண்டாம். கிளை ஆடுது பாரு. இன்னும் மேல!"

ஹாப், ஹாப், ஹாப்! தே கம் டு எ பிக், பிக் மருதமரம். அப், அப், அப் தே கோ.
குட்டி: "அம்மா, எனக்குத் தூக்கம் வருது. இங்க தூங்கலாமா?"
அம்மா: "ஆமா. இதுதான் நம்ம கூடு."
குட்டி: "போர்வை எங்க?"
அம்மா: "என் வாலுதான் போர்வை. தூங்கலாமா?"
குட்டி: "தூங்கலாம்."

அவ்வளவுதான். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம் ஆகாது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

முதலில், நான் பெயர்ச்சொற்களைப் பெரிதாக நினைக்கவில்லை. சிவப்பு, பச்சை, யானை, பூனை என்று அட்டை காட்டி ஐம்பது வார்த்தை சொல்லிக்கொடுக்கலாம். அதை வைத்துப் பிள்ளை ஒரு பேச்சுகூடப் பேச முடியாது. "தூங்கலாமா" என்பதில் இருக்கும் அந்த "லாமா"தான் முக்கியம். அது கைக்கு வந்துவிட்டால் சாப்பிடலாமா, போகலாமா, விளையாடலாமா என்று எந்த வினைச்சொல்லோடும் சேர்த்துக்கொள்ளலாம். பதிலுக்கு "வேண்டாம்". காரணத்துக்கு "இருக்கு". ஒரு பாட்டியும் பேத்தியும் ஒரு சாயங்காலத்தை ஓட்ட இந்த மூன்றும் போதும்.

சொல்லும் முறையும் முக்கியம். முதல் வாரம் முழுக்க இதே கதைதான். மகளே இரண்டு அணிலாகவும் பேசினாள். "வேண்டாம்" என்றால் தலையாட்டல், "இன்னும் மேல" என்றால் கை உயரும், "கிளை ஆடுது" என்றால் கட்டிலை ஆட்டுவாள். கை சொல்லிவிடுவதால் ஆங்கில விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டாம் வாரம் "அம்மா, இங்க..." என்று சொல்லிவிட்டு நிறுத்தச் சொன்னேன். மகளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு நொடியில் தானே சொல்லிவிடுவாள். "மனசுக்குள் பத்து எண்ணு" என்றேன். பத்து எண்ணுவதற்குள் மூன்றாம் நாள் பேத்தியின் வாயிலிருந்து "தூங்கலாமா" வந்துவிட்டது. அன்று முதல் குட்டி அணில் அவள்தான். மூன்றாம் வாரம் சொல்கிறவரின் வரியும் ஒவ்வொன்றாகத் தமிழுக்கு மாறியது. "இருட்டிருச்சு. குட்டி அணிலும் அம்மாவும் வீட்டுக்குப் போறாங்க." கதை அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டதால் அவள் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை.

தப்பும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கதையை முதலில் மகள் தன் வசதிக்கு ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தாள். ஒருநாள் மாப்பிள்ளை படித்தார். அவர் ஹைதராபாத்தில் வளர்ந்தவர், தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. புளியமரம் என்பதைப் புலியமரம் என்று படித்துவிட்டார். பேத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். "டைகர் ட்ரீ?" அன்று தூங்க ஒன்பதரை ஆனது. ஆங்கில எழுத்தில் புலிக்கும் புளிக்கும் ஒரே எழுத்துதான். பழம், பலம், பள்ளம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழ் எழுத்து தெரியாத பெற்றோர் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்காமல், தெரிந்தவர் சொல்வதைப் பதிவு செய்து காதால் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது. மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் நான் குரல் பதிவாக அனுப்பினேன். நான்கு நாளில் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

இரண்டாவது, பேத்தி "நான் வேண்டாம் பால்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆங்கில வாக்கியத்தை அப்படியே தமிழில் நிற்க வைத்திருக்கிறாள். மகள் "நான் இல்ல, எனக்குன்னு சொல்லணும்" என்று திருத்தியதும் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது. திருத்தாதே என்றேன். "ஓ, உனக்குப் பால் வேண்டாமா?" என்று சரியாகத் திருப்பிக் கேட்டால் போதும். ஆனால் அதிலும் ஒரு சங்கடம்: அம்மா "உனக்கு" என்கிறாள், பிள்ளை அதை "எனக்கு" என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வயசில் அது லேசான வேலை இல்லை. அதனால் கதையிலேயே ஒரு வரி சேர்த்தேன். மேலே பார்த்தீர்களே, "எனக்குத் தூக்கம் வருது", அது முதலில் இல்லை. பிள்ளை எங்கே தடுக்குகிறதோ அந்த வரியைக் கதைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

"அணில் ஜம்ப் பண்ணுது" என்று சொன்னால் மகிழ்ச்சியாக இருங்கள். அது தப்பே இல்லை. வார்த்தைதான் ஆங்கிலம், வாக்கியம் தமிழ். "ஆமா, தாவுது, தாவுது" என்று சொல்லிவிட்டுக் கதையை நகர்த்துங்கள்.

கதை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? கதையை ஒப்பிப்பதை வைத்து நான் நம்ப மாட்டேன். பிள்ளைகள் புரியாமலும் ஒப்பிக்கும், நாம் பார்த்திருக்கிறோம். கதையில் இல்லாத வினைச்சொல்லோடு "லாமா" வர வேண்டும். நான்காம் வாரம் மகள் போன் செய்தாள். குரல் நடுங்கியது. கடையில் பேத்தி ஒரு ஸ்ட்ராபெர்ரி டப்பாவைக் காட்டி "அம்மா, இது வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். "வாங்கலாமா" கதையில் எங்கும் கிடையாது. அவளாகச் செய்தது.

இதெல்லாம் நடக்கும்போது நான் வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். கதையை எழுதிய தாளை ஒருநாள் வாங்கிப் பார்த்தார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்; தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. "இந்த இங்கிலீசு வரி என்னத்தா?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். "எனக்குத் தமிழ்ல எழுதிக் குடு" என்றார். அதனால்தான் ஆங்கிலமும் தமிழ் எழுத்தில். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இந்த ஜூலையில் பேத்தி வந்தாள். இப்போது ஆறு வயசு. அம்மா வீட்டுக்குப் போனதும் பழையபடி சுடிதாருக்குப் பின்னால் போனாள். எனக்கு மனசு விழுந்துவிட்டது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி கரண்ட் போனது. புழுக்கம். எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். இருட்டில் அம்மாவின் குரல் மட்டும் வந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, நடந்து பழகுகிற பிள்ளை காலடி வைப்பது போல:

"இட்... இஸ்... கெட்டிங்... டார்க்."

பேத்தி சட்டென்று எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"எ லிட்டில் ஸ்குயிரல்..." அதற்கு மேல் அம்மாவுக்கு வரவில்லை. மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பத்து எண்ணிக்கை.

"பெரிய அம்மாச்சி, இங்க தூங்கலாமா?" என்றாள் பேத்தி.

அம்மா விடவில்லை. "வேண்டாம். இங்க கொசு இருக்கு. இன்னும் மேல!"

எண்பத்தேழு வயசுக்காரியும் ஆறு வயசுக்காரியும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பிவிட்டார்கள். டார்ச் லைட்டோடு நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மேலே நல்ல காற்று. கதை மறுபடி முதலிலிருந்து நடந்தது. அம்மா ஆங்கிலத்தில் தடுக்கினார், பேத்தி தமிழில் தடுக்கினாள். ஒருவர் தப்பை மற்றவர் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் "போர்வை எங்க?" என்றதும் அம்மா தன் சேலை முந்தானையை எடுத்துப் போர்த்திவிட்டார்.

பேத்தி சரளமாகத் தமிழ் பேசுகிறாள் என்று நான் சொல்ல வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தைப் பற்றி அம்மா கேட்டபோது அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை, ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். ஒரு கதை தரக்கூடியது ஒரு கதவு அளவுதான். அடுத்து "நேத்து என்ன நடந்துச்சு" என்று கேட்டுப் பதில் சொல்லும் மாதிரி ஒன்று எழுத வேண்டும். போனது, வந்தது, விழுந்தது என்று நடந்து முடிந்ததைச் சொல்லும் வினைச்சொற்கள் வர வேண்டும். அதை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

வேண்டியவர்கள் இந்தக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை உங்கள் ஊர் மரமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி அவர்களிடமும் ஒரு தாள் கொடுத்து வையுங்கள். பிள்ளை மட்டும்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

ஏர்போர்ட்டுக்குக் கார் கிளம்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் குனிந்து, "அடுத்த வருசம் வரலாமா?" என்று கேட்டார். "வரலாம்," என்றாள் பேத்தி.